விபரக்கோவைப் படங்களுக்கான தள விவரணை: தேன், பனங்கட்டி, சவர்க்காரம்

எமது கூட்டுறவின் மூன்று உற்பத்திகளும் கிளிநொச்சியில் படமெடுக்கப்படும்போது அவை வைக்கப்படும் தளங்கள் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை இவ்விவரணை கூறுகிறது. ஒளிப்படக் கலைஞர் இதன்படியே தளங்களை ஆயத்தப்படுத்துமாறு வேண்டுகிறோம்.

தேன் போத்தல் பழைய பாலைமரப் பலகையின்மீது நிற்கும். வெயிலும் மழையும் பட்டு அதன் செங்கபில நிறம் சாம்பலாக வெளிறியிருக்க வேண்டும். வார்னிஷோ எண்ணெயோ பூசப்பட்டிருக்கக்கூடாது. மரத்தின் ரேகைகள் படத்துக்குக் குறுக்காக, மெல்லியனவாக ஓடட்டும். கணு எதுவும் போத்தலுக்கு அருகில் வர வேண்டாம். கண் முதலில் அதைத்தான் பிடிக்கும். பின்பக்க யன்னலிலிருந்து வெளிச்சம் தாழ்வாக வந்தால், அது தேனினூடாகப் பாய்ந்து பலகையின்மீது ஒரு பொன்னிறத் திட்டாக விழும். அந்தத் திட்டுத்தான் இப்படத்தின் உயிர், பலகை அதை ஏந்துவதற்காக மட்டுமே இருக்கிறது. புதிதாக இழைத்த முதிரைப் பலகை தன்னளவில் மிக அழகானதே. ஆயினும் அதன் மஞ்சள் மினுக்கம் தேனின் நிறத்தோடு போட்டியிடும் என்பதால் அதைத் தவிர்த்துள்ளோம்.

பனங்கட்டிக்கு மரம் பொருந்தாது. கபிலத்தின்மேல் கபிலம் வைத்தால் குட்டானின் விளிம்பே தெரியாமற் போய்விடும். ஆகவே அது கையால் தேய்த்த, வர்ணம் பூசாத, நடுத்தரச் சாம்பல் நிறக் கொங்கிறீற் தளத்தில் வைக்கப்படும். பக்கவாட்டில் விழும் காலை வெளிச்சம் பனையோலைப் பின்னலை ஒவ்வோர் இழையாக எடுத்துக் காட்டுவதோடு, சாம்பலின் குளிர்ச்சியையும் தணிக்கும். காற்றுக் குமிழ்த் துளைகள் ஓரங்களில் இரண்டொன்று இருக்கலாம். வெடிப்பு மட்டும் எங்கும் தெரியக்கூடாது. வெடித்த சீமெந்தும் பூசி முடிக்காத சுவரும் வன்னியில் வாழ்பவர்களுக்கு வேறு நினைவுகளைத் தருபவை, அவற்றை ஓர் இனிப்புப் பண்டத்தின் அருகில் வைக்க நாம் விரும்பவில்லை.

வேப்பெண்ணெய்ச் சவர்க்காரத்துக்கு வெண்பளிங்கு. இங்கு நாடுவது சுத்தம் என்ற உணர்வே, ஆடம்பரம் அன்று. ஆதலால் கண்ணாடிபோல் மினுக்கிய கல்லை விடுத்து, மங்கலாகத் தேய்த்த கல்லைத் தெரிவுசெய்யவும். மினுக்கிய கல்லில் மின்விளக்கின் ஒளி வெள்ளைப் புள்ளியாகப் பட்டுச் சவர்க்காரத்தின் மங்கிய பச்சையை அடித்துவிடும். சாம்பல் நரம்பு ஒன்றே ஒன்று, அதுவும் சவர்க்காரத்துக்குப் பின்னால் தெளிவின்றிக் கடந்து செல்லட்டும். அலங்காரத்துக்கென எலுமிச்சை வெட்டி வைக்க வேண்டாம். பளிங்கு கல்சியம் காபனேற்றாலானது, புளிச்சாறு பட்டால் அரித்துத் தடம் விழும். ஈரமான இரண்டு வேப்பிலைகள் போதும், அவையும் படத்தின் ஓரத்திலேயே இருக்கட்டும்.