மருத்துவமனை மென்பொருள் திட்டம்: ஜூலை மாத நிலவரச் சுருக்கம்

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

வணக்கம். எங்கள் தொழில்நுட்பக் குழுவின் 31 பக்க ஜூலை அறிக்கையை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதை நீங்கள் படித்தே ஆக வேண்டும் என்றில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதையும் முடிவெடுக்க வேண்டியதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் நிலவரம். மூன்று கிளினிக்குகளிலும் புதிய முறை செப்டம்பர் 29 அன்று தொடங்க வேண்டியது, அக்டோபர் 13 அன்று தொடங்கும். செலவும் திட்டமிட்டதைவிடக் கூடியிருக்கிறது. தாமதம், கூடுதல் செலவு இரண்டுக்கும் காரணம் பழைய நோயாளி பதிவேடுகள்தான்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறோம்

திட்டத்தை ஆறு கட்டங்களாகப் பிரித்திருந்தோம். தேவைகளைக் கேட்டு எழுதுவது, திரைகளை வடிவமைப்பது, முன்பதிவுப் பகுதியை உருவாக்குவது ஆகிய மூன்றும் முடிந்துவிட்டன. முன்பதிவுத் திரையை உங்கள் வரவேற்பாளர்கள் பயன்படுத்திப் பார்த்து ஒப்புதலும் தந்துவிட்டார்கள்.

நான்காவது கட்டம், பழைய மென்பொருளில் இருக்கும் சுமார் 38,000 பதிவுகளைப் புதியதற்கு மாற்றுவது. அங்கேதான் சிக்கிக்கொண்டோம். ஒரே நோயாளி ஒருமுறை தந்தை பெயருடனும் இன்னொரு முறை கணவர் பெயருடனும் பதிவாகியிருக்கிறார். ஒரே பெயர் இரண்டு விதமான எழுத்துகளில் இருக்கிறது. இப்படிச் சந்தேகத்துக்குரிய ஜோடிகள் 5,200 கிடைத்தன. இவற்றைக் கணினியே இணைத்துவிடும்படி விட்டிருந்தால் ஜூலை தொடக்கத்திலேயே வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒருவருடைய மருந்து ஒவ்வாமைக் குறிப்பு இன்னொருவர் பக்கத்தில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு ஜோடியையும் ஆள் வைத்துப் பார்க்க முடிவு செய்தோம். 4,500 ஜோடிகள் முடிந்தன. மீதி 700.

ஐந்தாவது கட்டமான முதல் கிளினிக் சோதனை ஓட்டம் இதனால் ஆகஸ்ட் 4-லிருந்து 25-க்குத் தள்ளிப்போகிறது. ஊழியர் பயிற்சியைச் சோதனை ஓட்டத்தோடு சேர்த்தே நடத்தி, இந்த மூன்று வாரத் தாமதத்தில் ஒரு வாரத்தை மீட்கிறோம். மூன்று கிளினிக்குகளிலும் தொடங்குவது ஆறாவது கட்டம்.

பணம்

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஜூலை இறுதிக்குள் 26 லட்சம் செலவாகும் என்று சொல்லியிருந்தோம், 28.6 லட்சம் ஆகியிருக்கிறது. பார்த்தால் 2.6 லட்சம்தான் கூடுதல் என்று தோன்றும். ஆனால் வேலையும் பின்தங்கியிருக்கிறது. இதுவரை உண்மையில் முடிந்த வேலைக்குத் திட்டப்படி 24 லட்சம்தான் ஆகியிருக்க வேண்டும். ஆகவே உண்மையான கூடுதல் செலவு 4.6 லட்சம். இதில் 3.4 லட்சம் இரட்டைப் பதிவுகளைச் சரிபார்க்கப் போனது. மீதி 1.2 லட்சம், நோயாளி எண் இல்லாமல் படமாக மட்டும் கிடந்த பழைய பரிசோதனை முடிவுகளை உரியவர் பக்கத்தில் சேர்க்கப் போனது.

இரண்டு வேலைகளும் ஒருமுறை செய்தால் போதும், திரும்ப வராது. மீதமுள்ள வேலைக்குத் திட்டமிட்டபடி 16 லட்சமே ஆகும் என்று கணக்கிடுகிறோம். அப்படியானால் மொத்தம் 44.6 லட்சம். ஒப்பந்தத் தொகை 40 லட்சம், அவசரத்துக்கென ஒதுக்கியது 3 லட்சம். இரண்டும் போக 1.6 லட்சம் குறைகிறது. பதிவேடுகளின் தரத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே மாதிரி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாதது எங்கள் தவறு.

கவலை தரும் விஷயங்கள்

பெரிய கவலை அந்த 700 ஜோடிகள்தான். நோயாளிகளை நேரில் அறிந்தவர்களால் மட்டுமே அவற்றைத் தீர்க்க முடியும். உங்கள் பக்கத்திலிருந்து உதவி தாமதமானால் ஆகஸ்ட் 25 நிச்சயம் தவறும்.

அடுத்தது, பழைய மென்பொருளை முழுதாக அறிந்தவர் உங்கள் மூத்த வரவேற்பாளர் ஒருவர்தான். அவர் திடீரென விடுப்பில் போனால் எங்களுக்குக் கேட்க ஆளில்லை. அவரோடு இன்னொருவரையும் உட்கார வைத்தால் நல்லது. நினைவூட்டல் குறுஞ்செய்திக்கான அனுமதி இன்னும் வரவில்லை, ஆனால் அது இல்லாமலும் தொடங்கலாம்.

உங்களிடம் கேட்பது

ஒன்று, 700 ஜோடிகளைப் பார்க்க ஒரு செவிலியரைத் தினமும் இரண்டு மணி நேரம், பத்து நாட்களுக்குத் தர வேண்டும்.

இரண்டு, குறையும் 1.6 லட்சத்துக்குக் கூடுதல் ஒப்புதல் தரலாம், அல்லது ஆன்லைனில் கட்டணம் செலுத்தும் பகுதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைத்தால் 2 லட்சம் மிச்சமாகி, மொத்தம் 42.6 லட்சத்தில் முடியும். என் பரிந்துரை தள்ளிவைப்பதுதான், ஏனென்றால் கவுண்ட்டரில் பணம் வாங்குவது இப்போதே சிக்கலில்லாமல் நடக்கிறது. பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து ஓடும் இரண்டு வாரங்களை மட்டும் குறைக்க வேண்டாம். புதியதில் ஏதாவது கோளாறு வந்தால், அன்றைய நோயாளிகளைக் காக்க வைக்காமல் பழையதற்குத் திரும்ப நமக்கு இருக்கும் வழி அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 6-க்குள் பதில் கிடைத்தால் மேலே சொன்ன தேதிகள் மாறாது. போனில் பேசுவது வசதி என்றால் சொல்லுங்கள், அழைக்கிறேன்.

அன்புடன்,
திட்ட மேலாளர்