தம்பிக்கு: புலி இருந்ததா, இல்லையா?

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள முகிலா,

நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். சனிக்கிழமை கல்லூரித் திரைப்படக் குழுவில் ‘லைஃப் ஆஃப் பை’ பற்றி நீ பேசப்போகும் அந்த நான்கு பக்கமும் நன்றாக வந்திருக்கிறது. கடைசிப் பத்தியில்தான் சறுக்கிவிட்டாய். “புலிக்கதை பொய், சமையல்காரன் கதைதான் நிஜம், படம் முடிவில் உண்மையை உடைத்துவிடுகிறது” என்று எழுதியிருக்கிறாய். படம் எதையும் உடைக்கவில்லைடா. நீயே ஒரு கதையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பழியை இயக்குநர் ஆங் லீயின் தலையில் போட்டிருக்கிறாய்.

அந்தக் கடைசிப் பகுதியில் யார் என்ன சொல்கிறார் என்று வரிசையாகப் பார். மெக்சிகோ மருத்துவமனையில் ஜப்பானியக் கப்பல் நிறுவனத்துக்காக இரண்டு பேர் விசாரிக்க வருகிறார்கள். கப்பல் மூழ்கி, படகில் ஒரு புலியோடு கடலில் பிழைத்த கதையைப் பை என்ற அந்தப் பையன் சொல்கிறான். அவர்கள் நம்பவில்லை. அறிக்கையில் எழுத எளிமையான, எல்லாரும் நம்பக்கூடிய ஒரு கதை வேண்டும் என்கிறார்கள். அதற்கப்புறம்தான் இரண்டாவது கதை வருகிறது: படகில் மிருகங்கள் இல்லை, பை, அம்மா, ஒரு மாலுமி, சமையல்காரன்தான்; சமையல்காரன் அம்மாவைக் கொல்ல, பை அவனைக் கொல்கிறான். அதாவது, அது கேட்டதன்பேரில் வந்த கதை. கேட்டவர்களுக்கு என்ன வேண்டுமோ அந்த அளவில் வந்த கதை. உன் கட்டுரையில் இந்த ஒரு விஷயமே இல்லை. “மறைத்ததை ஒப்புக்கொள்கிறான்” என்று எழுதிவிட்டாய். ஒப்புக்கொள்ளலாகவும் இருக்கலாம், விட்டால் போதும் என்று கொடுத்ததாகவும் இருக்கலாம். அழுதுகொண்டே சொல்கிறான் என்பதை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. குடும்பத்தையே பறிகொடுத்தவன் எந்தக் கதையைச் சொன்னாலும் அழுவான்.

அடுத்தது, மிருகங்களையும் மனிதர்களையும் சோடி சேர்ப்பது யார்? பை இல்லை. பல வருடம் கழித்து கனடாவில் வளர்ந்த பையின் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் எழுத்தாளர்தான் சேர்க்கிறார். வரிக்குதிரை கால் உடைந்த மாலுமி, கழுதைப்புலி சமையல்காரன், ஒராங்குட்டான் அம்மா, புலி பை. பெரியவரான பை (இர்ஃபான் கான்) அதற்கு ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. கப்பல் ஏன் மூழ்கியது என்பதற்கு இரண்டு கதையிலும் விடை இல்லை, எது நிஜம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, இரண்டிலும் கப்பல் மூழ்குகிறது, குடும்பம் சாகிறது, நான் துன்பப்படுகிறேன் என்கிறார். அப்புறம், உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்கிறார். எது உண்மை என்று கேட்பதில்லை. இந்தக் கேள்வியை நீ “எது உண்மை” என்று மாற்றி எழுதியிருக்கிறாய். அதைத் திருத்து. உன் வாதம் முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது.

உன் பக்கத்துக்கு நீயே கவனிக்காத பலமான சான்றுகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்கிறேன், கட்டுரையில் சேர்த்துக்கொள்.

முதலாவது பெயர். புலிக்கு முதலில் வைத்த பெயர் தர்ஸ்டி, தாகம் என்று பொருள். பிடித்துக்கொடுத்த வேட்டைக்காரரின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். காகிதத்தில் எழுத்தர் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டதால் புலி ரிச்சர்ட் பார்க்கர் ஆனது. இப்போது மலையில் இருக்கும் தேவாலயக் காட்சிக்குப் போ. சின்னப் பையனான பை உள்ளே நுழைந்து தீர்த்தத்தைக் குடித்துவிடுகிறான். பாதிரியார் அவனைப் பார்த்துச் சொல்லும் முதல் பேச்சே, உனக்குத் தாகமாக இருக்குமே என்பதுதான். ஆங்கிலத்தில் கேட்டால் புலியின் பெயரால் அவனைக் கூப்பிட்டது போலவே காதில் விழும். தமிழ் ஒலிப்பதிவிலோ மொழிபெயர்த்த எழுத்திலோ பார்த்தால் இந்த நூல் அறுந்துபோகும். அதனால் ஆங்கிலத்திலேயே பார்.

இரண்டாவது தாமரை. புதுச்சேரியில் தான் விரும்பும் ஆனந்தியிடம் பை ஒரு நாட்டிய முத்திரைக்குப் பொருள் கேட்கிறான். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் தாமரை என்று வருகிறது. தாமரை ஏன் காட்டில் ஒளிய வேண்டும் என்று கேட்கிறான், பதில் இல்லை. பிறகு படகு ஒதுங்கும் அந்த ஆள்தின்னித் தீவில், மரத்தின் மேல் தாமரை மாதிரி ஒரு காய். இதழ் இதழாகப் பிரித்தால் உள்ளே மனிதப் பல். அவள் கட்டிவிட்ட கயிற்றையும் அந்தத் தீவின் வேரில்தான் கட்டுகிறான். தீவு அவன் மனத்திலிருந்தே கட்டப்பட்டது என்று படிக்க இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாவது சமையல்காரன். கப்பலில் சில நிமிடமே வரும் ஆளுக்கு ழெரார் தெபார்தியூ மாதிரி பேரெடுத்த நடிகரைப் போட்டது ஏன்? ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, படமே காட்டாமல், வாய்ச்சொல்லில் மட்டும் அவன் திரும்பி வரவேண்டும். அந்த முகம் நமக்கு மறந்திருக்கக் கூடாது. குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிச் சாப்பிடச் சொல்லும் அந்தப் பௌத்த மாலுமியும் அதே மேசையில் அறிமுகமாகிறான். இரண்டாவது கதைக்கு வேண்டிய ஆட்கள் எல்லாரையும் கப்பல் மூழ்குமுன்பே நமக்குக் காட்டிவிடுகிறார்கள்.

நான்காவதுதான் எனக்கு மிக வலிமையாகப் படுகிறது. கழுதைப்புலி வரிக்குதிரையைக் கொல்லும்போது புலி வெளியே வரவில்லை. ஒராங்குட்டான் செத்து விழுந்ததும் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பாய்கிறது. இரண்டாவது கதையில் அம்மாவைக் கொன்றவனை மகன் கொல்கிறான். அந்தச் சமையல்காரன் எனக்குள் இருந்த தீமையை வெளியே கொண்டுவந்துவிட்டான் என்கிறான். தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது எது என்று இதைக் கேட்ட பிறகு யோசிக்காமல் இருக்க முடியாது.

சரி, இவ்வளவும் உன் பக்கம். இப்போது எங்கே இடிக்கிறது என்று பார்.

எண்ணிக்கை இடிக்கிறது. இரண்டாவது கதையில் படகில் நான்கு பேர். முதல் கதையில் நான்கு மிருகமும் பையும், ஆக ஐந்து உயிர். சோடி சேர வேண்டுமானால் பையை இரண்டாக வெட்ட வேண்டும்: மிதவையில் ஒதுங்கி நடுங்கும் சைவப் பையன் ஒன்று, படகில் இருக்கும் புலி ஒன்று. அழகான வாசிப்புதான், கம்பு வைத்துப் புலியைப் பழக்கும் காட்சிகள்கூடத் தன்னைத் தானே அடக்குவதாகப் பொருந்திவிடும். ஆனால் அது நீ செய்யும் வேலை, படம் கையில் கொடுத்தது இல்லை.

தீவு இன்னும் மோசமாக இடிக்கிறது. அதற்கு இரண்டாவது கதையில் சோடியே கிடையாது. சமையல்காரன் செத்த பிறகு 227 நாளில் மிச்சமெல்லாம் எப்படிப் போயின என்று அந்தக் கதை வாயே திறப்பதில்லை. புலி இல்லை என்பவர்கள் பல்லைக் காட்டி, அது பை தின்ற மனித உடம்பு என்பார்கள். இருக்கலாம். தூரத்திலிருந்து இரவில் காட்டும்போது தீவு படுத்திருக்கும் ஓர் உருவம் மாதிரி தெரிகிறது. அதை அம்மாவின் உடல் என்றும் சொல்லலாம். படத்தின் தொடக்கத்தில் பேசப்படும், கரையில்லாத கடலில் துயிலும் பெருமாள் என்றும் சொல்லலாம். அம்மா என்றால் உன் வாசிப்பு, பெருமாள் என்றால் எதிர் வாசிப்பு. அந்த ஒரே சட்டகம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நம்மவர்களுக்குப் பள்ளிகொண்ட கோலம் சட்டென்று தெரிந்துவிடும் என்பதால் இதை நீ மேடையில் காட்டினால் நன்றாக எடுபடும்.

வாழைப்பழ விஷயத்தில் நீ ஏமாந்துவிட்டாய். ஒராங்குட்டான் வாழைத்தார்களின் மேல் மிதந்து வந்தது என்றதும் விசாரிப்பவர்கள் வாழைப்பழம் மிதக்காதே என்கிறார்கள். நீ அதை அப்படியே சான்றாக எடுத்துவிட்டாய். ஒரு வாளித் தண்ணீரில் பழத்தைப் போட்டுப் பார், மிதக்கும். அவர்கள் சோதித்துப் பார்க்காமல் சொன்னார்கள். நம்ப மறுப்பவன் எப்போதும் அறிவோடுதான் மறுக்கிறான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடச் சின்ன, கச்சிதமான உதாரணம் படத்தில் இல்லை.

அப்பாவின் பாடம் ஒன்று இருக்கிறதே, ஆட்டைக் கட்டிப் புலிக்குக் காட்டுவது. புலியின் கண்ணில் நீ பார்ப்பது உன் உணர்ச்சியின் நிழல்தான் என்கிறார். புலி என்பதே பைதான் என்றால் இது நேர்ப்பொருளில் உண்மை. ஆனால் படத்தின் கடைசிப் பகுதியில் பெரிய பை, அந்தக் கண்ணில் என் நிழலைத் தவிர வேறும் இருந்தது, நிரூபிக்க முடியாவிட்டாலும் எனக்குத் தெரியும் என்கிறார். அப்பா கட்டிய முடிச்சை மகன் அவிழ்ப்பதில்லை, எதிர்ப்பக்கமாக இழுக்கிறார். கரை சேர்ந்ததும் புலி திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போவதும் இதே மாதிரிதான். மிருகம் மிருகம்தான், அது உனக்கு நண்பன் இல்லை என்ற அப்பாவின் பேச்சு நிறைவேறியதாகப் படிக்கலாம். மனிதர் வாடை வந்ததும் அவனுக்குள் இருந்த கொடூரம் சொல்லாமல் கழன்றது என்றும் படிக்கலாம்.

உருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புலிக்கதைக்கு முழுப் படமும் கிடைக்கிறது. இரண்டாவது கதைக்கு ஒரு பையனின் முகம் மட்டும், கட்டிலில் உட்கார்ந்தபடி, ஒரு காட்சித் துண்டுகூட இல்லாமல். “கண்ணால் பார்த்தோம், அதனால் புலி நிஜம்” என்று யாராவது சபையில் எழுந்தால் விட்டுவிடாதே: நாம் பார்த்ததும் பை சொல்லிக் கேட்டதன் காட்சிதான், காமிரா சாட்சியாக அந்தப் படகில் இல்லை. அதேபோல, படம் இல்லாததால் இரண்டாவது கதை வெறும் பேச்சு என்றும் சொல்ல முடியாது. பார்க்க முடியாத அளவுக்குக் கொடியதைக் காட்டாமல் விடுவதும் ஒரு முறைதான்.

இணையத்தில் ரிச்சர்ட் பார்க்கர் என்ற பெயரின் பின்னணியைப் படித்திருப்பாய். எட்கர் ஆலன் போ 1838-இல் எழுதிய நாவலில் அந்தப் பெயருள்ள மாலுமியைக் கூட இருந்தவர்கள் தின்கிறார்கள். 1884-இல் மிக்னொனெட் என்ற படகு மூழ்கியபோது சிறுபடகில் தப்பியவர்கள் நான்கு பேர். 17 வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கரை மற்றவர்கள் கொன்று தின்றார்கள், இங்கிலாந்தில் வழக்கு நடந்தது. உன் பக்கத்துக்கு இது தங்கம் மாதிரி தெரியும். ஆனால் இது மூல நாவலை எழுதிய யான் மார்ட்டெல் என்ன படித்திருந்தார் என்பதற்கான சான்று. படகில் என்ன நடந்தது என்பதற்கு இல்லை. மேலும், அங்கே பார்க்கர் தின்னப்பட்டவன், இங்கே தின்பவன். ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடு, அதன்மேல் வாதத்தைக் கட்டாதே.

கட்டுரையில் கடைசிப் பத்தியை அடித்துவிட்டு, எழுத்தாளரின் கையில் இருக்கும் அந்த அறிக்கையிலிருந்து தொடங்கு. எளிமையான கதை கேட்டு வந்தவர்கள், கிடைத்த பிறகும், வயதுவந்த வங்காளப் புலியோடு பிழைத்தவன் என்றே எழுதிவிட்டுப் போகிறார்கள். ஏன் அப்படி எழுதினார்கள் என்று படம் சொல்வதில்லை. அவர்கள் புலியை நம்பினார்களா, இல்லை அந்தப் பையன்மேல் இரக்கப்பட்டார்களா? இந்த இரண்டையும் சபையில் கேட்டுவிட்டு, மருத்துவமனைக் காட்சியை நிறுத்தாமல் முழுதாக ஓட்டிக் காட்டு. புலி காட்டுக்குள் மறையும் கடைசிச் சட்டகம் வரை விளக்கைப் போட விடாதே.

திருத்தியதை வியாழனுக்குள் அனுப்பு, வெள்ளிக்கிழமை படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன். ராத்திரி கண் விழித்து எழுதாதே. அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், பார்சலில் வரும்.

உன் அக்கா,
தேன்மொழி