நாற்பது மூட்டை

திருப்பூரில் அந்த நூல் வியாபாரியின் குடோனில் நாற்பது மூட்டை குறைந்தது. கம்ப்யூட்டர் கணக்கான டேலியில் மார்ச் 31 இருப்பு 1,240. ஏப்ரல் 1 காலை, லாரி எதுவும் உள்ளே வரும் முன் எண்ணியது 1,200. மூட்டைக்கு 50 கிலோ, கிலோ 250 ரூபாய். ஐந்து லட்சம்.

முதலாளி கணக்குப் போடவில்லை, ஆளைப் பார்த்தார். குடோன் சாவி மாரியப்பனிடம்தான் இருக்கிறது.

"பதினெட்டு வருஷமா இருக்கறவன்னு நம்பினேனுங்க," என்றார் ஆடிட்டர் ஆபீஸ் சீனியர் சுரேஷிடம். மாரியப்பன் கேட்கும்படிதான் சொன்னார்.

அதே ஆபீஸில் சி.ஏ. பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்து எட்டு மாதமான கயல்விழிக்கு அந்த வித்தியாசத்தைப் பார்க்கும் வேலை வந்தது. எண்ணிய அன்று அவள்தான் போயிருந்தாள். எண்ணிக்கைத் தாளின் அடியில் கடைசி டெலிவரி சலான் நம்பர், கடைசி பில் நம்பர், கடைசி சரக்கு வரவுச் சீட்டு நம்பர் மூன்றையும் குறித்து மாரியப்பனிடம் கையெழுத்து வாங்கச் சொல்லியிருந்தார் சுரேஷ். எண்ணப் போகிறவர்கள் இதைத்தான் பெரும்பாலும் மறப்பார்கள். மூட்டையை எண்ணிவிட்டு டீ குடித்துக் கிளம்பிவிடுவார்கள்.

கடைசி சலான் 846. அதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சலானுக்கும் பில்லைத் தேடினாள். 845 வரை எல்லாம் மார்ச் பில். 846 மட்டும் ஏப்ரல் 1 தேதி பில்லில் இருந்தது. சலான் தேதி மார்ச் 31. கேட் புக்கில் வண்டி வெளியேறிய நேரம் இரவு 8.40.

மூட்டை அறுபது.

"கிடைச்சிருச்சே!" என்றார் அக்கவுண்டன்ட் சண்முகம். "சரக்கு போயிருச்சு, புக்குல குறையல. அவ்வளவுதானுங்க மேடம். எழுதிக்குங்க."

"குறையறது நாற்பதுதானே சார்? இது அறுபது."

"இருபது மூட்டை அதிகமா இருந்தா நல்லதுதானுங்களே."

மூட்டை தானாக முளைக்காது. கயல்விழி வரவுப் பக்கம் திரும்பினாள். மில்லிலிருந்து மார்ச் 31 மதியம் இருபது மூட்டை இறங்கியிருந்தது. வரவுச் சீட்டு இருந்தது, எடைச் சீட்டும் இருந்தது. மில் பில் மட்டும் ஏப்ரல் 3-ல்தான் டேலியில் ஏறியிருந்தது, அதுவும் ஏப்ரல் 3 தேதியிலேயே. எண்ணும்போது அந்த இருபதும் கண்முன் இருந்தன, கணக்கில் இல்லை.

1,240-ல் 60 கழித்து 20 கூட்டினாள். 1,200.

மாரியப்பனைப் பார்க்க குடோனுக்குப் போனாள்.

"அண்ணா, அன்னிக்கு ராத்திரி வண்டி போனப்போ பில் ஏன் போடல?"

"பார்ட்டிதானுங்க ஏப்ரல் தேதி வேணும்னாங்க, அம்மணி. அவங்களுக்கும் வருஷக் கடைசி. சண்முகம் சார் சலான்ல அனுப்பச் சொன்னாரு. நான் சலான் போட்டு கேட் புக்ல எழுதி வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "இதை யாரும் கேக்கலீங்களே," என்றார்.

சுரேஷ் தாளைப் பார்த்தார். "லாபத்துக்கு என்ன ஆகும்?"

"விற்பனை எட்டு லட்சத்துப் பத்தாயிரம் மார்ச்சுக்கு வரணும் சார், கிலோ 270 ரூபாய்ல. கொள்முதல் ரெண்டரை லட்சம் வரணும். டேலி இருப்பு அஞ்சு லட்சம் குறையும். மொத்தத்துல லாபம் அறுபதாயிரம் கூடும்."

"ஜி.எஸ்.டி.?"

"சரக்கு வெளியே போகும்போதே பில் போட்டிருக்கணும். அஞ்சு சதவீதம், நாற்பதாயிரத்து ஐந்நூறு. மார்ச் ரிட்டர்ன்ல கட்டாம ஏப்ரல்ல கட்டியிருக்காங்க. ஒரு மாச வட்டி வரும்."

முதலாளி அறையில் சுரேஷ் இதையெல்லாம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது வட்டியைப் பற்றித்தான். அப்புறம் மணி அடித்து மாரியப்பனைக் கூப்பிட்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "சாப்ட்டியா?" என்றார். "ஆச்சுங்க," என்றார் மாரியப்பன். அவர்களுக்குள் அது போதுமோ என்னவோ, கயல்விழிக்குப் போதவில்லை. எண்ணிக்கைக் குறிப்பில், கேட் புக்கும் சலானும் மார்ச் 31 அன்றே முறையாக எழுதப்பட்டிருந்தன, குடோனில் குறை ஏதுமில்லை என்று ஒரு வரி சேர்த்தாள். சுரேஷ் அதைப் படித்துவிட்டு அடிக்காமல் விட்டார்.

கிளம்பும்போது சுரேஷ் சண்முகத்திடம் திரும்பினார்.

"அந்த பார்ட்டி போன வருஷமும் ஏப்ரல் தேதி கேட்டாங்களா?"

"அதெல்லாம் போன வருஷ ஆடிட்லயே பார்த்தாச்சுங்க சார்."

"போன வருஷமும் நாங்கதான் வந்தோம். எண்ண மட்டும் வரல." பையைத் திரும்ப மேசைமேல் வைத்தார். "கயல், பழைய சலான் புக்கை எடும்மா."