ஃப்ளூ பெருந்தொற்று வந்தால்: நம் வீட்டுத் திட்டம்

அன்புள்ள தம்பிக்கும் கலாவுக்கும்,

"மறுபடி ஒரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வோம் அண்ணா?" என்று போன ஞாயிறு கலா கேட்டாள். மருந்துக் கிடங்கில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

புது ஃப்ளூ வைரஸ் பிடிபட்ட நாளிலிருந்து தடுப்பூசி கைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். இன்றும் பெரும்பாலும் கோழிமுட்டைக்குள்தான் வைரஸை வளர்க்கிறார்கள். அவசரப்படுத்த ஓரளவுக்குமேல் வழியில்லை. 2009இல் எச்1என்1 என்ற புது ஃப்ளூ வைரஸ் ஏப்ரலில் தெரியவந்தது. அமெரிக்காவில் தடுப்பூசி அக்டோபரில் வந்தது. அதே மாதக் கடைசியில் அலை உச்சத்தைத் தொட்டுவிட்டது! அந்த ஆறு மாதத்தை எப்படித் தாண்டுவது என்பதுதான் நம் கவலை.

எப்போது விழித்துக்கொள்வது? ஃப்ளூ வைரஸ்களைக் கவனிக்க உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலையமைப்பு 1952 முதல் இயங்குகிறது. பறவைக் காய்ச்சலில் பண்ணைக் கோழிகள் செத்தன என்ற செய்திக்கெல்லாம் பதற வேண்டாம். "மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவுகிறது" என்று அந்த நிறுவனமோ சுகாதாரத் துறையோ சொன்னால், அன்றே இந்தத் தாளை எடுங்கள்.

ஒசல்டாமிவிர் போன்ற வைரஸ் மருந்துகளை அரசுகள் இருப்பு வைக்கின்றன. அறிகுறி தெரிந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அதை நாம் வாங்கிப் பதுக்க வேண்டாம். டாக்டர் சொன்னால் அப்போது வாங்கினால் போதும். நம் இருப்பு வேறு: அம்மாவின் சர்க்கரை மாத்திரை எப்போதும் ஒரு மாதம் கூடுதலாக, பாரசிட்டமால், தெர்மாமீட்டர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், சோப்பு, மாஸ்க், இரண்டு வாரத்துக்குக் கெடாத சாப்பாட்டுச் சாமான். பழையதை எடுத்துச் சாப்பிட்டுப் புதியதை வைத்தபடி இருந்தால் எதுவும் வீணாகாது. குட்டிக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும் ஆபத்து உண்டு.

யாருக்காவது காய்ச்சல் வந்தால் மாடி அறை அவருக்கு. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். பார்த்துக்கொள்வது தம்பி ஒருவன் மட்டும், மாஸ்க்கோடு. அவன் படுத்தால் நான் வருவேன். கலா அம்மாவோடு கீழே. அம்மா மாடிப்படி ஏறக் கூடாது. அவர் கேட்க மாட்டார், தெரியும். கதவைப் பூட்டுங்கள்.

மூச்சு வாங்குதல், உதடு நீலமாதல், பேச்சுக் குழறல், குழந்தை குடிக்க மறுத்தல், இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் விட்டு, இரண்டு நாளில் இருமலோடு திரும்பி வந்தாலும் அப்படியே. 1918 ஃப்ளூ பெருந்தொற்றில் இறந்தவர்களில் மிகப் பலரை முடித்தது ஃப்ளூவுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா. இன்று அதற்கு ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, நேரத்துக்குப் போனால்.

அப்புறம், அலமாரி மேல்தட்டில் இருக்கும் மாஸ்க் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். பழசானால் எலாஸ்டிக் இற்றுப்போகும். இழுத்தால் அறுந்தால் எனக்கு போன் செய்யுங்கள், புதுசு கொண்டு வருகிறேன்.

அண்ணன்