டெங்கு ஸ்லைடு போட்டோ பாத்தேன், என்னென்ன மாத்தணும்னு எழுதிருக்கேன்

பிரபா, ரிகர்சல் அன்னைக்கு கடைசிக்கு முந்தின வரிசைல இருந்து எடுத்த போட்டோ கெடச்சுது. நீ பைல மட்டும் அனுப்பிருந்தா நான் லேப்டாப்புல தெறந்து பாத்துட்டு "நல்லாருக்கு, கொஞ்சம் கொறச்சுக்கோ"ன்னு சொல்லி முடிச்சிருப்பேன், போட்டோல பாத்ததுனாலதான் அந்த ஹால்ல பின்னாடி உக்காந்திருக்கற வி.எச்.என் அக்காவுக்கு உண்மைல என்ன தெரியும்னு புரிஞ்சுது. அதனால எல்லாத்தையும் வெளிப்படையா சொல்றேன், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு, மாத்திடலாம்.

மொதல்ல உன் தப்பு இல்லாதத தனியா எடுத்து வச்சிடறேன். ஸ்லைடு மேல அகலமா கீழ குறுகலா தெரியுதுல்ல, அது ப்ரொஜெக்டர டேபிள் மேல வச்சு மேல தூக்கி அடிச்சதால வர்றது, கீஸ்டோன் செட்டிங்ல சரி பண்ணிக்கலாம். ஓரத்துல அலை அலையா கோடு ஓடுறது போன் கேமராவோட வேலை. வலது மேல் மூலை வெளுத்துப் போயிருக்கறதுக்கு ஸ்கிரீனுக்கு பக்கத்துல எரியற ட்யூப்லைட் காரணம், ட்ரெயினிங் அன்னைக்கு அந்த ஒரு லைட்ட மட்டும் அணைக்க சொல்லிடு. இதெல்லாம் கழிச்ச பிறகும் படிக்க முடியாதது நெறைய இருக்கு, அதெல்லாம் ஸ்லைடோட பிரச்சனைதான்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்த ஸ்லைடுல உயிர காப்பாத்தற வரி ஒண்ணே ஒண்ணுதான், "காய்ச்சல் விட்டதும் ஆபத்து நீங்கியதாக கருதக்கூடாது"ன்னு நீ எழுதிருக்கற வரி. டெங்குல காய்ச்சல் எறங்குற அந்த நேரத்துலதான், பெரும்பாலும் 3வது நாள்ல இருந்து 7வது நாளுக்குள்ள, ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிய ஆரம்பிக்குது, அதுக்கப்பறம் வர்ற 24ல இருந்து 48 மணி நேரம் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுட்டு பாக்கணும். வீட்ல இருக்கறவங்க அப்பதான் "புள்ளைக்கு காய்ச்சல் விட்டுருச்சு"ன்னு நிம்மதியா ஆஸ்பத்திரிக்கு போகாம விட்டுடறாங்க. இத சொல்றதுக்குத்தான் அந்த ட்ரெயினிங்கே. ஆனா நீ அந்த வரிய எங்க வச்சிருக்கன்னு போட்டோல பாரு, ஸ்லைடோட அடி ஓரத்துல, வெள்ளை பட்டை மேல மஞ்சள் எழுத்துல. முன்வரிசைல இருக்கறவங்க தலை அந்த பட்டைய முக்காவாசி மறைச்சிருக்கு, மறைக்காம மிச்சம் இருக்கற இடத்துலயும் ஏதோ மஞ்சளா தீத்தின மாதிரி இருக்கு, எழுத்துன்னே தெரியல. ஸ்லைடோட கீழ் கால்வாசி இடம் பின்வரிசைக்கு கிடையவே கிடையாதுன்னு நெனச்சுக்கோ, அங்க பக்க எண்ண தவிர எதையும் வைக்காத.

மஞ்சள் ஏன் காணாம போச்சுன்னா, சுத்தமான மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வெளிச்சத்துல வித்தியாசமே இல்ல. கான்ட்ராஸ்ட்ட அளக்க ஒரு கணக்கு இருக்கு, கறுப்பு மேல வெள்ளைக்கு 21க்கு 1, ரெண்டும் ஒரே கலர்னா 1க்கு 1. சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 வேணும், பெரிய எழுத்துக்கு 3 போதும்னு வெப்சைட்டுகளுக்கான டபிள்யூசிஏஜி விதி சொல்லுது. வெள்ளை மேல மஞ்சள் வெறும் 1.07. சரி அத விடு, நடுவுல அபாய அறிகுறிகள சிவப்புல போட்டிருக்கியே, பின்னணி பவர்பாயிண்ட்டோட ஸ்டாண்டர்ட் கலர்ஸ்ல வர்ற அந்த பச்சை, அதுக்கும் அங்கயே இருக்கற சிவப்புக்கும் கணக்கு போட்டா 1.4தான் வருது. லேப்டாப்புல உனக்கு பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும், ஏன்னா நிறம் வேற வேறயா இருக்கு, ஆனா படிக்கறதுக்கு நிறம் மட்டும் வேறயா இருந்தா பத்தாது, ஒண்ணு வெளிச்சமாவும் ஒண்ணு இருட்டாவும் இருக்கணும். நான் உன் போட்டோவ போன்ல பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்தி பாத்தேன், அந்த அஞ்சு வரியும் அப்படியே பின்னணியோட கரைஞ்சு போச்சு. சிவப்பு-பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்க ஆம்பளைங்கள்ல கணிசமா இருக்காங்க, வர்ற கொசு ஒழிப்பு பணியாளர்கள்ல ரெண்டு மூணு பேருக்காவது இருக்க வாய்ப்பு உண்டு, அவங்களுக்கு கிட்டத்துல நின்னாலும் இது சிரமந்தான். முக்கியம்னு காட்டத்தான் சிவப்பு போட்ட, புரியுது, ஆனா ஸ்லைடுல இருக்கற சாதாரண கறுப்பு வரிங்க அதவிட நல்லா தெரியுது.

பச்சையே வேணாம் தம்பி. அந்த ஹால்ல ஜன்னல் வெளிச்சம் வருது, முழு இருட்டு ஆகாது, அப்படி எடத்துல ப்ரொஜெக்டரால நல்ல கறுப்ப காட்டவே முடியாது, அதனால இருட்டு பின்னணியும் எடுக்காது. வெள்ளை பின்னணி, கறுப்பு இல்லன்னா அடர் நீல எழுத்து, வலியுறுத்தணும்னா கனமான எழுத்து, இதுக்கு மேல ஒண்ணும் வேணாம். பின்னணில பெரிய கொசு படத்த லேசா போட்டிருக்கியே, அதோட கால் சரியா 16வது வரி மேல ஓடுது. அந்த 16வது வரி என்னன்னு பைல பாத்துதான் கண்டுபிடிச்சேன், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் குடுக்கக்கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான்னு இருக்கு. கிராமத்துல மெடிக்கல் ஷாப்புல வாங்கி போட்டுக்கற மாத்திரைல ரத்தக்கசிவு அதிகமாகறத தடுக்கற வரி அது, அது கொசுக்கால் அடில கெடக்கலாமா?

எழுத்து அளவ பத்தி. ஸ்லைடு உயரம் 7.5 இன்ச், அதாவது 540 பாயிண்ட். போட்டோல உன் ரெண்டு வரிக்கு நடுவுல இருக்கற தூரம் ஸ்லைடு உயரத்துல முப்பதுல ஒரு பங்கு, ஆக 18 பாயிண்ட், எழுத்து 14க்கு மேல இருக்க வாய்ப்பில்ல. இங்கிலீஷ்ல 14 ஒருவேளை தப்பிச்சிடும், தமிழ்ல தப்பிக்காது, ஏன்னா நம்ம எழுத்துல விஷயமே மேல கீழ இருக்கற கொம்புலயும் சுழிலயும் புள்ளிலயும்தான் இருக்கு. போட்டோல ண-வும் ன-வும் ஒண்ணா தெரியுது, "வலி"யா "வலீ"யா தெரியல, மேல் வரியோட உகரக்கால் கீழ் வரியோட இகரக்கொம்ப இடிக்குது. 16 வரிய அடைக்கறதுக்காக வரி இடைவெளிய நீ இறுக்கிருக்க, அதான். எழுத்து 28க்கு கீழ போகாம, இடைவெளி தாராளமா விட்டு வச்சா ஒரு ஸ்லைடுல அஞ்சாறு வரிதான் கொள்ளும், அதுவே போதும். சாய்வெழுத்தையும் எடுத்துடு, தமிழ்ல அது நல்லா வராது.

அடுத்தது லேஅவுட். இடது பக்கம் வரிங்க, வலது மேல கொசுவோட வாழ்க்கைச் சுழற்சி வட்டம், அதுக்கு கீழ யார எங்க அனுப்பணும்னு பெட்டி பெட்டியா ஒரு படம். போட்டோவ மொதல்ல பாத்தப்ப என் கண்ணு நேரா அந்த வட்டத்துக்கு போச்சு, ஏன்னா அதுதான் பெருசு. அங்க இருந்து ஒரு அம்புக்குறி கீழ் பெட்டிக்கு வருது, அதனால "கூட்டுப்புழு"வுக்கு அப்பறம் "மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும்"னு படிச்சேன். நீ அந்த அம்பு "கொசு கடிச்சா காய்ச்சல் வரும்"னு காட்ட போட்டது, நீ பக்கத்துல நின்னு சொன்னா புரியும், நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்க தாங்களாவே ஒண்ணு படிச்சு முடிச்சிடுவாங்க. வட்டம் இடஞ்சுழியா போகுது, பெட்டிங்க கீழ இருந்து மேல போகுது, வரிங்க மேல இருந்து கீழ, மூணும் மூணு தெசை. தட்டணு எண்ணிக்கை அட்டவணை வேற அந்த மூணுக்கும் நடுவுல. ஏற்கெனவே ஜனங்க பிளேட்லெட் எவ்வளவுன்னு மட்டும்தான் கேட்டுட்டு இருக்காங்க, அந்த எண்ணுக்கு இவ்வளவு எடம் குடுத்தா நம்ம பணியாளருங்களும் அதையே புடிச்சுக்குவாங்க.

அதனால இத மூணு ஸ்லைடா உடைச்சிடு. மொதல் ஸ்லைடுக்கு தலைப்பு "டெங்கு காய்ச்சல் - ஒரு முழுமையான கண்ணோட்டம்" வேணாம், அது எதையும் சொல்லல, "காய்ச்சல் விட்ட பிறகுதான் உஷாரா இருக்கணும்"னே தலைப்பா போடு. அதுக்கு கீழ, ஸ்லைடோட நடுவுல ஒரு நீளமான பட்டை, 1 முதல் 10 வரைக்கும் நாள், 3ல இருந்து 7 வரைக்கும் மட்டும் அடர் நிறம், அதுல "ஆபத்து நாட்கள்"னு. வேற ஒண்ணும் இல்ல. அத காட்டிட்டு நீ ரெண்டு நிமிஷம் பேசு.

ரெண்டாவது ஸ்லைடு அபாய அறிகுறிகள். உன் பட்டியல்ல ஹீமட்டோக்ரிட் ஏறுறது, கல்லீரல் வீக்கம், நெஞ்சுல நீர் கோக்கறதுன்னு இருக்கு, எல்லாம் சரிதான், உலக சுகாதார நிறுவனத்தோட 2009 வழிகாட்டுதல்ல இருக்கறதுதான், ஆனா வீட்டு வாசல்ல நிக்கற வி.எச்.என் இத எப்படி பாப்பாங்க? அவங்க கண்ணால பாக்கவும் கேக்கவும் முடிஞ்சத மட்டும் வை, கடுமையான வயித்துவலி, விடாத வாந்தி, ஈறு மூக்குல ரத்தம், சோர்ந்து போறது இல்லன்னா நிலைகொள்ளாம தவிக்கறது. நாலே வரி, கடைசியா "உடனே 108"ன்னு கனமா. மாத்திரை விஷயத்த அதே ஸ்லைடுல தனியா ஒரு வரியா வை. டாக்டருக்கானத எல்லாம் நோட்ஸ்ல போட்டுக்கோ, யாராவது கேட்டா சொல்லலாம்.

மூணாவது கொசு. வட்டத்த வச்சுக்கோ, ஆனா வலஞ்சுழியா போடு, முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசுன்னு நாலு படம் போதும், நடுவுல பெருசா "7 முதல் 10 நாள்"னு எழுது. வாரத்துக்கு ஒரு தடவ தண்ணிய கொட்டி தொட்டிய தேய்க்க சொல்றதுக்கு காரணமே அதானே, முட்டை கொசுவாகறதுக்குள்ள நாம முந்திக்கணும். தேய்க்கறதுங்கறத விட்டுடாத, ஈடிஸ் முட்டை காஞ்ச நெலைலயும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், கொட்டிட்டு சும்மா திரும்ப நெரப்புனா மறுபடி பொரிக்கும். இந்த விஷயம் உன் ஸ்லைடுல இல்லவே இல்ல, இத கண்டிப்பா சேத்துடு.

உள்ளடக்கத்துல நீ நெறைய உழைச்சிருக்கன்னு தெரியுது, ஒரு தகவல் கூட தப்பா இல்ல, அதுக்காகவே இவ்வளவு நீளமா எழுதறேன். எடுக்கற வரிய தூக்கிப் போடாத, ஒரு பக்கம் கைல குடுக்கற தாளா அச்சடிச்சு குடு, அதுல 16 வரியும் இருக்கட்டும், வீட்டுக்கு கொண்டு போய் படிப்பாங்க.

ஃபான்ட் மட்டும் பாத்துக்கோ, பிளாக் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உன் ஃபான்ட் இல்லன்னா வரி எல்லாம் மடங்கி வேற மாதிரி நிக்கும், யூனிகோட்ல நிர்மலா யுஐ மாதிரி விண்டோஸ்லயே வர்றத வச்சுட்டு, பிடிஎஃப் ஒண்ணும் பென்டிரைவ்ல போட்டுக்கோ. மாத்தினத புதன்கிழமை சாயந்தரத்துக்குள்ள அனுப்பு, நான் பாத்துட்டு ராத்திரியே சொல்லிடறேன்.