சேமிப்பு நிவாரணம் 4500 ரூபா: யாருக்கு கிடைக்கும், இன்னா பேப்பர் வேணும், கடைசி நாள் எப்போ

ஊர்ல எல்லாருக்கும் வணக்கம். சங்க ஆபீஸ் செவுத்துல ஏழு பக்கத்துக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கீறாங்க இல்ல, அதை நேத்து ரெண்டு மணி நேரம் நின்னு படிச்சேன், புரியாத எடத்தை எல்லாம் செகரட்டரி அண்ணன் கிட்ட கேட்டு எழுதி வெச்சிக்கினேன். நேரம் இல்லாதவங்க கீழ இருக்கிற நாலு வரியை மட்டும் படிச்சா போதும். சந்தேகம் இருக்கிறவங்க மீதியையும் படிங்க.

கடலுக்கு தொழிலுக்கு போறவங்க, மீன் விக்கிற, கருவாடு போடுற பொம்பளைங்க, வயசு 18-ல இருந்து 60-க்குள்ள, மீனவர் சங்கத்துலயோ மகளிர் சங்கத்துலயோ மெம்பரா இருக்கணும், வறுமைக் கோட்டுக்கு கீழ இருக்கணும்.
9 மாசத்துல மொத்தம் 1500 ரூபா நீங்க கட்டணும், அரசாங்கம் 3000 போடும், மழைக்கால மாசத்துல 4500-ஆ உங்க பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரும்.
சங்க மெம்பர் கார்டு, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், எல்லாத்துலயும் ஒரு ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ, ஆம்பளைங்களுக்கு பயோமெட்ரிக் கார்டு ஜெராக்ஸும்.
கடைசி நாள் ஜனவரி 23 வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணி, முதல் தவணை 170 ரூபாயும் அன்னிக்கே கையில இருக்கணும்.

இவ்ளோதான் விஷயம். இனிமே விவரமா சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு, இது தடைக்கால பணம் கிடையாது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் போட்டு போகாம நிக்குதே, அதுக்கு குடும்பத்துக்கு 8000 தர்றாங்களே, அது வேற. மழைக்கால நிவாரணம்னு குடும்ப கணக்குல வர்றதும் வேற. அதெல்லாம் நாம எதுவும் கட்டாம வர்றது, இது நாம கட்டினாதான் வரும். நேத்து நோட்டீஸ் பக்கத்துல நின்னுக்கினு இருந்த ஒரு அத்தை "அதான் தடைக்காலத்துக்கு குடுத்துட்டாங்களே, இது இன்னாத்துக்கு மறுபடியும்"னு கேட்டுட்டு கூடையை எடுத்துனு போயிட்டாங்க, அவங்களை மாதிரி யாரும் போயிடக் கூடாதுன்னுதான் இதை முதல்ல சொல்றேன்.

ரெண்டாவது, வீட்டுக்கு ஒருத்தர்னு இல்ல. புருஷன் மீனவர் சங்கத்துல இருந்து பொண்டாட்டி மகளிர் சங்கத்துல இருந்தா ரெண்டு பேரும் தனித்தனியா கட்டலாம், தனித்தனியா 4500 வரும். ஆம்பளைங்க திட்டத்துல நாம 1500, மாநிலம் 1500, மத்திய அரசு 1500, பொம்பளைங்க திட்டத்துல அந்த 3000-மும் மாநில அரசே போடுது. நோட்டீஸ்ல இது நாலாம் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கு. "இவரு மெம்பரா இருக்காரு, எனக்கு எதுக்கு"ன்னு நெறைய அக்காங்க சொல்றீங்க, அவரோட கார்டு உங்களுக்கு செல்லாது, உங்க பேருல மகளிர் சங்க கார்டு இருந்தா மட்டும்தான் உங்களுக்கு. கார்டு இல்லன்னா நாளைக்கே போய் கேளுங்க, சங்கம் மாடியிலதான்.

"முழுநேரமாகக் கடல் மீன்பிடித் தொழிலில் ஈடுபட்டு அதனையே வாழ்வாதாரமாகக் கொண்டிருத்தல் வேண்டும்"னு ஒரு வரி போட்டிருக்காங்க. இதுக்கு அர்த்தம், கடல் தொழில்தான் உங்க பொழப்புன்னு இருக்கணும். சொந்த போட்டு இருக்கணும்னு அர்த்தம் இல்ல. ஃபைபர்ல கூலிக்கு போறவங்க, கட்டுமரத்துல போறவங்க, காசிமேடு போய் லாஞ்சுல ஏறுறவங்க எல்லாரும் இதுல வருவாங்க. தொழிலை விட்டுட்டு கம்பெனியில மாச சம்பளத்துக்கு போறவங்க, கார்டு மட்டும் பழசு வெச்சிக்கினு இருக்கீங்கன்னா எழுதாதீங்க, செக் பண்றப்போ நிக்கும்.

ஆத்துல மட்டும் இறால், நண்டு புடிக்கிறவங்களுக்கு இந்த நோட்டீஸ்ல எடம் இல்ல, கடல்னு தெளிவா எழுதிட்டாங்க. எனக்கு இதை டைப் பண்றதுக்கே கஷ்டமா இருக்கு, 2023 டிசம்பர்ல எண்ணெய் கசிஞ்சப்போ மொதல்ல அடி வாங்கினது அந்த ஆத்து ஜனம்தான். ஆனா கடலுக்கும் ஆத்துக்கும் ரெண்டுக்குமே போறவங்க, பயோமெட்ரிக் கார்டு இருக்கிறவங்க, நீங்களே வேணாம்னு ஒதுங்கிடாதீங்க, சங்கத்துல வந்து பேசுங்க. ஆத்துல மட்டும் போறவங்க பேரை தனியா ஒரு லிஸ்ட் எடுத்து மீன்வளத்துறைக்கு மனு குடுக்கலாம்னு நாட்டார் கிட்ட சொல்லியிருக்கேன், பேர் குடுக்கணும்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க.

வயசு ஜனவரி 1 அன்னிக்கு கணக்கு. அன்னிக்கு 18 முடிஞ்சிருக்கணும், 60 தாண்டியிருக்கக் கூடாது. ஆதார்ல இருக்கிற பொறந்த தேதியைத்தான் பாப்பாங்க, வாயில சொல்ற வயசு எடுபடாது. நம்ம பெரியவங்களுக்கு ஆதார் எடுக்கிறப்போ குத்துமதிப்பா ஒரு தேதி போட்டுட்டாங்க, அதனால வீட்ல இப்பவே எடுத்து பாருங்க.

இப்போ பேப்பர் விஷயம், இதுலதான் போன வருஷம் நெறைய பேரு மாட்டினாங்க. இனிஷியல். கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த ஆதார்ல அப்பா இனிஷியல் இருக்கும், பாஸ்புக்ல வீட்டுக்காரர் இனிஷியல் இருக்கும், மெம்பர் கார்டுல இனிஷியலே இருக்காது. எங்க அம்மாவோடது அப்படித்தான், ஆதார்ல 'மு', பாஸ்புக்ல 'அ'. மூணையும் தரையில வரிசையா வெச்சி பாத்தப்போதான் எங்களுக்கே தெரிஞ்சிது, அவ்ளோ வருஷமா கண்ணுல படல. ஆதார் பேரும் பாஸ்புக் பேரும் ஒண்ணா இருந்தா பயம் இல்ல. வேற வேறயா இருந்தா ஆதார் ஜெராக்ஸ் எடுத்துனு பேங்குக்கு போய் பேர் மாத்தணும்னு எழுதி குடுங்க, ரெண்டு மூணு நாள் ஆகும், அதனால 22-ந் தேதி வரைக்கும் வெச்சிக்காதீங்க. ரேஷன் கார்டுல தப்பு இருந்தா tnpds.gov.in-ல மாத்தலாம், மாத்தத் தெரியாதவங்க என் கிட்ட வாங்க, போன்லயே போட்டு தர்றேன், ரேஷன் கார்டுல குடுத்திருக்கிற நம்பர் இருக்கிற போனை கையில எடுத்துனு வரணும், ஓடிபி வரும்.

அடுத்தது பேங்க் அக்கவுண்ட். ரெண்டு வருஷத்துக்கு மேல நீங்க போடவும் இல்ல எடுக்கவும் இல்லன்னா அக்கவுண்ட்டை தூங்க வெச்சிடுவாங்க. எண்ணெய் கசிஞ்ச நிவாரணம் 12,500 வந்தப்போ எங்க வீட்ல இதேதான் நடந்துச்சு, எல்லா வீட்டுக்கும் வந்துடுச்சு, எங்க அப்பாவுக்கு வரல, மூணு வாரம் அலைஞ்ச பிறகு ஒரு கிளார்க்கு கம்ப்யூட்டரை பாத்து "இந்த அக்கவுண்ட் ஆக்டிவா இல்ல"ன்னாரு. அதை முதல் நாளே சொல்லியிருந்தா அப்பா மூணு வாரம் கடலுக்கு போயிருப்பாரு. ஆதாரும் போட்டோவும் குடுத்து கேஒய்சி பண்ணினா திரும்ப ஓப்பன் ஆயிடும், இதுக்கு பேங்க் காசு வாங்கக் கூடாது, ரிசர்வ் பேங்க் ரூலே அப்படித்தான். போறப்போ "ஆதார் லிங்க் ஆகியிருக்கா"ன்னும் கேட்டுக்குங்க. ரெண்டு பேங்க்ல அக்கவுண்ட் இருக்கிறவங்க எதுல ஆதார் லிங்க் ஆகியிருக்கோ அந்த பாஸ்புக்கை குடுங்க.

பணம் கட்டுற கணக்கு. ஜனவரியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மாசம் 170, செப்டம்பர்ல 140, மொத்தம் 1500. மாசா மாசம் 15-ந் தேதிக்குள்ள கட்டணும், முதல் மாசம் மட்டும் விண்ணப்பம் குடுக்கிறப்போ. நோட்டீஸ்ல ஆறாம் பக்கத்துல "சந்தாத் தொகையை முழுமையாகச் செலுத்தத் தவறும் பட்சத்தில் அரசின் பங்குத்தொகை பெறத் தகுதியற்றவராவர்"னு இருக்கு. அதாவது ஒரு மாசம் விட்டாலும், கடைசியா 1500 முழுசா சேரலன்னா அந்த 3000 வராது, நீங்க கட்டினது மட்டும் திரும்ப வரும். என்னைக் கேட்டா ஏழு பக்கத்துல முக்கியமான வரி இதுதான், இதைத்தான் பெரிய எழுத்துல முதல் பக்கத்துல போட்டிருக்கணும். ஜனவரி 23 மட்டும் கடைசி நாள்னு நெனைக்காதீங்க, செப்டம்பர் வரைக்கும் மாசம் ஒரு கடைசி நாள் இருக்கு.

தடைக்காலத்துல வீட்ல காசே இருக்காது, நமக்கு தெரியாததா. போன வருஷம் நம்ம தெருவுலயே நாலு பேரு மே மாசம் கட்டாம விட்டுட்டாங்க, அந்த 3000 போச்சு. அதனால மார்ச் மாசம் நல்லா மீன் படுற நேரத்துல ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசத்துக்கும் சேர்த்து 510 ரூபா முன்னாடியே கட்டிடுங்க. முன்கூட்டி கட்டலாமான்னு செகரட்டரி அண்ணன் கிட்ட கேட்டேன், கட்டலாம், ரசீதுல மூணு மாசமும் எழுதித் தருவேன்னு சொன்னாரு. ரசீது இல்லாம யார் கையிலயும் காசு குடுக்காதீங்க. ரசீதை போன்ல போட்டோ புடிச்சி வெச்சிக்குங்க, மழையில பேப்பர் நனைஞ்சிடும்.

ஃபாரம் ஃப்ரீ. எழுதித் தர்றதுக்கும் காசு கிடையாது. 200 குடுங்க, 300 குடுங்க, நான் வாங்கித் தர்றேன்னு யாராவது வந்தா குடுக்காதீங்க, ஊர்ல சொல்லிடுங்க.

நாள் நெறைய இருக்கிற மாதிரி தெரியும், இல்ல. பொங்கலுக்கு 15, 16, 17 சங்கம் மூடியிருக்கும், 18 ஞாயித்துக்கிழமை. அதுக்கு அப்புறம் 19-ல இருந்து 23 வரைக்கும் அஞ்சு நாள்தான், அப்போ எல்லாரும் ஒண்ணா வந்து நிப்பாங்க. முடிஞ்சவங்க பொங்கலுக்கு முன்னாடியே குடுத்துடுங்க. ஆபீஸ் காலைல 10-ல இருந்து 1 வரைக்கும்தான் இருக்கும், அந்த நேரத்துல மீன் விக்கிறவங்க எல்லாம் மார்க்கெட்ல இருப்பீங்கன்னு சொல்லி கேட்டதுல, மகளிர் சங்கம் மட்டும் சாயங்காலம் 4-ல இருந்து 6 வரைக்கும் தொறக்கிறோம்னு ஒத்துக்கினாங்க. கடைசி நாள் மட்டும் 5 மணிக்கு முடிச்சிடுவாங்க, ஞாபகம் வெச்சிக்குங்க.

வாட்ஸ்அப் இல்லாத பாட்டி, பெரியம்மா வீட்டுக்கெல்லாம் பக்கத்து வீட்டு பசங்க போய் மேல இருக்கிற நாலு வரியை படிச்சி காட்டுங்க. நாளைக்கும் நாளன்னைக்கும் ராத்திரி 7 மணிக்கு மேல நான் கங்கையம்மன் கோயில் திண்ணையில உக்காந்திருப்பேன், பேப்பர் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துனு வாங்க, பேர், தேதி, இனிஷியல் எல்லாம் சரியா இருக்கான்னு ஒண்ணொண்ணா பாத்து ஃபாரமும் எழுதித் தர்றேன். கண்ணாடி போடுறவங்க கண்ணாடி எடுத்துனு வாங்க, கையெழுத்து நீங்கதான் போடணும்.