கியர் டிரைவ்: மாட்யூல், பிரஷர் ஆங்கிள், பல் தேய்மானம்

தேய்ந்த ஸ்பர் கியருக்கு மாற்று செய்யுமுன் மாட்யூலைக் கண்டுபிடியுங்கள். பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதால் வெளிவிட்டத்தை வகுக்க வேண்டும். 40 பல், 126 மி.மீ. என்றால் 126 ÷ 42 = 3. நுனி தேய்ந்திருந்தால் 2.98 போல வரும். 3 என்றே எடுங்கள். 3.17 வந்தால் உஷார்: அது 8 டி.பி. அங்குல கியர், 3 மாட்யூலோடு சேராது.

பிரஷர் ஆங்கிள் இப்போது பெரும்பாலும் 20°. பழைய மெஷின்களில் 14.5° இருக்கும். இரண்டையும் ஜோடி சேர்த்தால் இரைச்சல், சீக்கிரமே தேய்மானம்.

பல்லின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் முதலில் ஷாஃப்ட் அலைன்மென்ட்டைப் பாருங்கள். கியரைக் குறை சொல்ல வேண்டாம். பிட்ச் கோட்டருகே சிறுகுழிகள் என்றால் அதிக லோடு அல்லது எண்ணெய்க் குறைபாடு. தேய்ந்த பினியனை அப்படியே விட்டால் புதுக் கியரையும் தின்றுவிடும்.